ஸ்மியரில் நீலப்புள்ளிகள், ஃபெரிட்டின் நார்மல்: ஈய அளவு கேட்கலாமா?

ஊதாக்கறை | 4 மார்ச், காலை 11.20

38 வயது ஆண். ஹீமோகுளோபின் 9.2, சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 77. சீட்டில் "இரும்புச்சத்துக் குறைவு, மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஃபெரிட்டின் 165. அதாவது இரும்பு போதுமான அளவு இருக்கிறது. ஸ்மியரைப் பார்த்தால் வெளிறிய செல்கள், ஊடே கொஞ்சம் பாலிகுரோமேசியா. நிறைய செல்களில் தடிமனான நீலப்புள்ளிகள், மிளகுத்தூள் தூவிய மாதிரி, செல் முழுக்கப் பரவி நிற்கின்றன. ஒவ்வொரு ஃபீல்டிலும் இரண்டு மூன்றாவது கிடைக்கிறது. ரெடிக், அதாவது புதிதாக வந்த இளம் சிவப்பணுக்கள், 4.1 சதவீதம்.

பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். "ஈய அளவு பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்க்கலாமா, அது என் வேலையைத் தாண்டிப் போவதா?

---

ரத்தினம்_எம்எல்டி | 4 மார்ச், மதியம் 12.05

இதில் என்ன யோசனை? ஸ்டிப்ளிங் என்றால் ஈயம். காலேஜில் முதல் வருஷமே படித்தது. சீரம் லெட் அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தது.

---

எண்ணெய்வில்லை | 4 மார்ச், இரவு 9.40

ரத்தினம், பாதி சரி. ஈயத்தில் ஸ்டிப்ளிங் வரும், ஆனால் ஸ்டிப்ளிங் வந்தால் ஈயம்தான் என்று திருப்பிப் படிக்க முடியாது. நான் நோயியல் பார்க்கும் ஆள். என் மேசையில் இந்தப் புள்ளிகளை அதிகம் காட்டுவது தலசீமியா டிரெய்ட்தான். ஸ்திரமில்லாத ஹீமோகுளோபின், சிடரோபிளாஸ்டிக் அனீமியா, எம்.டி.எஸ்., பி12 குறைவு இதிலெல்லாமும் பார்க்கலாம். ரெடிக் அதிகமாக இருக்கும் எந்த ரத்தத்திலும் மெல்லிய புள்ளிகள் தெரியும், அதற்கு அர்த்தமே கொடுக்க வேண்டாம். தடிமனான புள்ளிகள்தான் யோசிக்க வைக்க வேண்டியவை. ஊதாக்கறை சொல்வது அந்த வகை.

இன்னொன்று: சீரம் அனுப்பாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் கிட்டத்தட்ட 99 சதவீதம் சிவப்பணுக்களுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அந்த அணுக்களைப் பிரித்து எறிந்துவிட்டு மிச்சத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? முழு ரத்தம், சிரையிலிருந்து, இதற்கென்று ஈயம் கலக்காததாகச் சோதித்த ட்யூப்பில் எடுக்க வேண்டும்.

ஊதாக்கறை, எனக்கு மூன்று விஷயம் வேண்டும். சிவப்பணு எண்ணிக்கை எவ்வளவு? ஹீமோகுளோபின் ஏ2 பார்த்தார்களா? இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டுப் பார்த்தீர்களா? மூன்றாவது எதற்கு என்றால், இரும்பு அடங்கிய பாப்பென்ஹைமர் துகள்களை ஸ்டிப்ளிங் என்று எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் எழுதலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக எழுதுங்கள். "ஈயத் தொடர்பு உண்டா என்று விசாரிக்கவும்" என்பது நோய் முடிவு இல்லை, வெறும் கேள்வி.

---

ஊதாக்கறை | 5 மார்ச், காலை 8.50

சிவப்பணு 3.64 மில்லியன். ஏ2 2.6. பெர்ல்ஸ் நேற்று சாயங்காலமே போட்டேன், புள்ளிகள் நீலமாகவில்லை. இரும்பு இல்லை. ஓரத்தில் கொத்தாகவும் இல்லை, செல் பூராவும் சீராகப் பரவியிருக்கிறது.

சாயத்தின் குப்பையா என்றும் பார்த்தேன். ஃபோகஸை ஏற்றி இறக்கினால் குப்பை வேறு மட்டத்தில் தெரியும், செல்களுக்கு இடையிலும் சிதறியிருக்கும். இது செல்லோடுதான் ஃபோகஸாகிறது.

---

எண்ணெய்வில்லை | 5 மார்ச், காலை 9.30

அப்போது டிரெய்ட் கிட்டத்தட்ட வெளியே போய்விட்டது. டிரெய்ட்டில் எம்.சி.வி. இறங்கினாலும் எண்ணிக்கை ஐந்தரை, ஆறு என்று ஏறி நிற்கும். இங்கே எம்.சி.வி. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, எண்ணிக்கையோ படுத்துவிட்டது. எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்தால் 21 வருகிறது. டிரெய்ட்டில் 13-க்குக் கீழே எதிர்பார்ப்போம்.

ஃபெரிட்டின் மட்டும் வைத்து இரும்புக் குறைவை நான் தள்ளமாட்டேன், வீக்கம் ஏதாவது இருந்தால் அது பொய்யாக ஏறும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு இருக்கிறதா?

---

ஊதாக்கறை | 5 மார்ச், காலை 9.42

31 சதவீதம்.

---

எண்ணெய்வில்லை | 5 மார்ச், காலை 9.44

சரி, அவர் என்ன வேலை செய்கிறார்?

---

சின்னு_அம்மா | 5 மார்ச், மதியம் 2.15

இதைப் படித்துவிட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. என் பொண்ணுக்கு ஆறு வயசு. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் "பேசோஃபிலிக் ஸ்டிப்ளிங் காணப்படுகிறது" என்று போட்டிருக்கிறது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பாள். பென்சில் ஈயம் ரத்தத்தில் கலந்துவிட்டதா? ஹீமோகுளோபின் 11.4.

---

ரத்தினம்_எம்எல்டி | 5 மார்ச், மதியம் 2.31

உடனே லெட் டெஸ்ட் எடுங்கம்மா.

---

எண்ணெய்வில்லை | 5 மார்ச், மதியம் 3.10

ரத்தினம், கொஞ்சம் பொறுங்கள்.

சின்னு அம்மா, பென்சில் குச்சியில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். அது கரி வகை, அதில் ஈயம் கிடையாது. பதறாமல் அந்த ரிப்போர்ட்டில் இன்னும் மூன்று எண்களைப் பாருங்கள்: எம்.சி.வி., சிவப்பணு எண்ணிக்கை, ஏ2 பார்த்திருந்தால் அதுவும்.

---

சின்னு_அம்மா | 5 மார்ச், மதியம் 3.55

எம்.சி.வி. 62, எண்ணிக்கை 5.9. ஏ2 என்று தனியாக ஒரு தாள் இருக்கிறது, 5.1 என்று போட்டிருக்கிறது. அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் என்று மாமியார் சொல்கிறார்.

---

எண்ணெய்வில்லை | 5 மார்ச், மாலை 4.05

இது பீட்டா தலசீமியா டிரெய்ட்டின் படம். புள்ளிகளுக்கும் அதுவே காரணமாக இருக்கப் போதும். டாக்டர் சும்மா இருந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும், ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த முறை போகும்போது அந்த ஏ2 தாளைக் காட்டிக் கேளுங்கள். தேவையில்லாமல் இரும்பு டானிக் கொடுக்காதீர்கள், இரும்புக் குறைவு இருக்கிறது என்று தனியாகச் சோதித்துச் சொன்னால் மட்டும் கொடுங்கள். வீட்டில் பழைய பெயிண்ட் உரிந்து விழுகிறது, யாராவது ஈயம் புழங்கும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் ஈய அளவும் ஒருமுறை பாருங்கள். ஆனால் அது இந்தப் புள்ளிகளுக்காக அல்ல.

---

ஊதாக்கறை | 6 மார்ச், இரவு 10.15

ஆளை நேரில் பார்த்தேன், ரெடிக் திரும்ப எடுக்க வந்திருந்தார். பழைய இரும்புக் கட்டுமானங்களைக் கேஸ் கட்டரால் அறுத்துப் பிரிக்கும் வேலை. அறுக்கும் இடத்தில் பெயிண்ட் எரிந்து புகை வரும் என்கிறார். எந்த நிறம் என்று கேட்டேன். மேலே சாம்பல் நிறம், உள்ளே செங்கல் ஆரஞ்சு.

வயிற்றுவலி மாதக்கணக்கில் இருக்கிறது, மலச்சிக்கலும் உண்டு. ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்து "அப்பெண்டிக்ஸ் இல்லை" என்று அனுப்பிவிட்டார்களாம். அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

---

எண்ணெய்வில்லை | 6 மார்ச், இரவு 10.50

உள்ளே இருக்கும் அந்த ஆரஞ்சு அடிப்பூச்சு செவ்வீயமாக இருக்க நல்ல வாய்ப்பு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க வெகுகாலம் அதைத்தான் அடித்தார்கள். சுரண்டினால் தூசி வரும். சுடரால் அறுத்தால் ஈயம் ஆவியாகி மிக நுண்ணிய புகையாக நுரையீரலுக்கு நேராகப் போய்விடும். வாய்க்குத் துணி கட்டினால் அது நிற்காது.

ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், தடித்த புள்ளிகள், இந்த வேலை. இப்போது புள்ளிகளுக்கு எடை கூடிவிட்டது. ட்யூப் அனுப்புங்கள்.

---

ஊதாக்கறை | 11 மார்ச், மாலை 6.20

முழு ரத்த ஈயம்: டெசிலிட்டருக்கு 84 மைக்ரோகிராம். ஜிங்க் புரோட்டோபோர்ஃபிரினும் நன்றாக ஏறியிருக்கிறது. இன்றே அவரை நச்சியல் பிரிவுக்கு அனுப்பியாயிற்று. வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் முதல் மருந்துச்சீட்டு.

---

ரத்தினம்_எம்எல்டி | 11 மார்ச், மாலை 6.45

பார்த்தீங்களா, முதல் நாளே சொன்னேன் 😄

ஒரு சந்தேகம். ஈயம் ஹீமை அடைக்கிறது, சரி. அதற்கும் இந்தப் புள்ளிக்கும் என்ன சம்பந்தம்? புள்ளி இரும்பு இல்லை என்கிறீர்கள். அப்போது எது?

---

எண்ணெய்வில்லை | 11 மார்ச், இரவு 11.30

நல்ல கேள்வி. இரண்டும் தனித்தனிக் கதை, பலர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

முதல் கதை ஹீம். ஈயம் அந்த வழியில் இரண்டு நொதிகளை மடக்குகிறது. ஆரம்பக்கட்டத்தில் இருக்கும் ஏலாட் ஒன்று, கடைசிப்படியில் இருக்கும் ஃபெரோகெலடேஸ் இன்னொன்று. கடைசிப்படியில்தான் போர்ஃபிரின் வளையத்துக்குள் இரும்பு நுழைய வேண்டும். அது நடக்காதபோது அந்த இடத்தில் துத்தநாகம் போய் உட்காருகிறது. ஊதாக்கறை சொன்ன ஜிங்க் புரோட்டோபோர்ஃபிரின் அதுதான். இரும்பு உடம்பில் இருந்தும் வேலைக்கு ஆகவில்லை, அதனால்தான் மாத்திரை பலிக்கவில்லை. ஆனால் இந்த எண்ணைத் தனியாக நம்பாதீர்கள். சாதாரண இரும்புக் குறைவிலும் அது ஏறும்.

இரண்டாவது கதைதான் உங்கள் புள்ளி. சிவப்பணு முதிரும்போது தன்னிடம் மிச்சமுள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை உடைத்து வெளியே தள்ளிவிடும். அந்த உடைப்பின் ஒரு படிக்குப் பிரிமிடின் 5' நியூக்ளியோடைடேஸ் என்ற நொதி தேவை. ஈயம் அதையும் மடக்கிவிடுகிறது. உடையாத ஆர்.என்.ஏ. கட்டிகட்டியாகத் தங்கி, லீஷ்மன் சாயத்தில் நீலமாகத் தெரிகிறது. பிறவியிலேயே அந்த நொதி இல்லாதவர்கள் உண்டு. ஈயத்தையே பார்க்காத அவர்கள் ஸ்மியரிலும் அச்சாக இதே புள்ளிகள் இருக்கும், கூடவே வாழ்நாள் முழுக்க ஹீமோலிசிஸ்.

இவருக்கு ரெடிக் 4.1 வந்ததும் அந்தப் பக்கத்துக் கதைதான். வெறும் ஹீம் தடை மட்டும் என்றால் ரெடிக் இவ்வளவு ஏறாது. ஈயம் செல்லின் ஆயுளையும் குறைக்கிறது. இரும்புக் குறைவு என்று எழுதப்பட்ட சீட்டில் ரெடிக் ஏறியிருந்தால் அங்கேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

---

அரைப்படி | 12 மார்ச், காலை 7.30

பேட்டரி உடைத்து உருக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து "ஹீமோகுளோபின் 14, எல்லாம் ஓகே" என்று சொல்வார்கள். ஸ்மியர்கூட ஒருமுறை பார்த்தார்கள், புள்ளி ஒன்றுமில்லை என்றார்கள். அப்போ நாங்க தப்பிச்சோம்தானே?

---

எண்ணெய்வில்லை | 12 மார்ச், காலை 8.15

இல்லை அண்ணே. ரத்தசோகை வருவது பின்னால்தான். பெரியவர்களுக்கு ஈயம் 50-ஐத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் ஹீமோகுளோபின் விழ ஆரம்பிக்கும். ரத்த அழுத்தம், சிறுநீரகம், நரம்பு இவற்றுக்கெல்லாம் அவ்வளவு தேவையில்லை. புள்ளியும் அப்படித்தான், அதன் எண்ணிக்கைக்கும் ஈய அளவுக்கும் ஒழுங்கான கணக்கு கிடையாது. ஒரு காலத்தில் தொழிற்சாலைகளில் புள்ளிச் செல்களை எண்ணித்தான் ஆட்களைக் கண்காணித்தார்கள். ஈயத்தையே நேராக அளக்க முடிந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள். ஈயம் புழங்கும் இடத்தில் ஈயத்தைத்தான் அளக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

---

அரைப்படி | 12 மார்ச், காலை 8.22

கேட்டால் கணக்கு எழுதறவனுக்கு எதுக்கு என்பார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

---

ஊதாக்கறை | 15 மார்ச், இரவு 9.05

அந்த ஆளின் மூன்று வயதுக் குழந்தை. நச்சியல் பிரிவில் வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அவர் வேலை உடுப்போடுதான் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவாராம். விரல் நுனியில் எடுத்த சோதனையில் 31. ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டின் 6. ஸ்மியரை எனக்கே அனுப்பினார்கள். ஆசையோடு தேடினேன், ஒரு புள்ளிச் செல்கூட இல்லை. சுத்தமான இரும்புக் குறைவு ஸ்மியர். இந்த வரலாறு தெரியாமல் இருந்தால் டானிக் எழுதி அனுப்பியிருப்பார்கள்.

---

எண்ணெய்வில்லை | 15 மார்ச், இரவு 9.50

இந்த இழையிலேயே முக்கியமான ஸ்மியர் இதுதான் என்பேன். புள்ளி இல்லை, ஈயம் இருக்கிறது. குழந்தைகளிடம் இதுதான் வழக்கம்.

இங்கே ரத்தசோகைக்குக் காரணம் ஈயமா இரும்பா என்று கேட்டால், பெரும்பாலும் இரும்பு. ஆனால் இரண்டும் கூட்டாளிகள். குடலில் இரும்பை உள்ளே இழுக்கும் அதே வாசல் ஈயத்தையும் இழுக்கும். இரும்பு பற்றாத குழந்தையிடம் அந்த வாசல் அகலத் திறந்திருக்கும்.

விரல் நுனி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விரலில் ஒட்டிய தூசியே துளியில் கலந்துவிடும். சிரையில் எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

---

ஊதாக்கறை | 18 மார்ச், மதியம் 1.10

சிரை ரத்தத்தில் 17.

---

ரத்தினம்_எம்எல்டி | 18 மார்ச், மதியம் 1.25

31 எங்கே 17 எங்கே! அப்படியானால் பயமில்லை, விட்டுவிடலாம்.

---

எண்ணெய்வில்லை | 18 மார்ச், மாலை 5.40

விட முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளுக்கான ஒப்பீட்டு அளவை 3.5-க்கு இறக்கியது. 17 அதைப் போல நாலு மடங்குக்கு மேல். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன் மருந்தை வழக்கமாக 45-லிருந்துதான் யோசிப்பார்கள், ஆகவே மருந்து வேண்டாம். தூசியை நிறுத்துவது, இரும்பு கொடுப்பது, திரும்ப அளப்பது. அப்பா உடுப்பை வேலை இடத்திலேயே மாற்றிக் குளித்துவிட்டு வர வேண்டும். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலே கிளம்பும், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

---

ஊதாக்கறை | 20 மார்ச், இரவு 8.30

வேறு ஒரு விஷயம் உறுத்துகிறது. அப்பாவின் முதல் ஸ்மியர் ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் போட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டலாம் என்று அதே ஈ.டி.டி.ஏ. ட்யூப்பிலிருந்து மறுநாள் ஒன்று போட்டேன். அதே சாயம், அதே பஃபர். புள்ளிச் செல் தேடிக் கண் வலித்தது. எங்கே போயின?

---

ரத்தினம்_எம்எல்டி | 20 மார்ச், இரவு 8.41

நான் எப்போதும் ஈ.டி.டி.ஏ.வில்தான் போடுகிறேன், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது ஒன்றும் செய்யாது. மறுநாள் சாயம் சரியாக ஏறியிருக்காது.

---

எண்ணெய்வில்லை | 20 மார்ச், இரவு 10.10

ஈ.டி.டி.ஏ.வில் நேரம் ஆக ஆகப் புள்ளிகள் மங்கும் என்பது பழைய எச்சரிக்கை. பிறவி நொதிக் குறைவில் அது நன்கு தெரிந்த விஷயம். அவர்களுக்கு ஊசிமுனையில் வரும் துளியிலிருந்தோ ஹெபாரினிலோ ஸ்மியர் போடச் சொல்வார்கள். ஈயத்தில் எல்லா ட்யூப்பிலும் அப்படி ஆவதில்லை, ரத்தினம் சொல்வதும் அனுபவம்தான். ஆனால் ஒரு நாள் பழைய ட்யூப்பில் "புள்ளி இல்லை" என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் உள்ள ஆளுக்குப் புதுத்துளி, உடனே காற்றில் உலர்த்தி, உடனே மெத்தனால்.

---

ரத்தினம்_எம்எல்டி | 20 மார்ச், இரவு 10.18

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

---

ஊதாக்கறை | 29 ஏப்ரல், காலை 10.00

அப்பாவின் நிலை, கேட்டிருந்தவர்களுக்காக. வாய்வழி சக்சிமர் ஒரு சுற்று கொடுத்தார்கள். முடிந்தவுடன் 36. இப்போது 51. வேலைக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்கிறார். வீட்டில் எல்லோரும் அவரைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

---

எண்ணெய்வில்லை | 29 ஏப்ரல், காலை 11.20

அவரைத் திட்டாதீர்கள். ஈயம் எலும்பில்தான் குடியிருக்கிறது, அங்கே அதன் அரைவாழ்வு ஆண்டுக்கணக்கில். மருந்து ரத்தத்தைக் காலி செய்ததும் எலும்பு மறுபடி நிரப்புகிறது. பல ஆண்டுகள் அறுத்தவருக்கு இந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான். அவர் பொய் சொல்கிறாரா என்பதை இந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது. இன்னொரு சுற்று தேவையா என்பதை நச்சியல் பிரிவு முடிவு செய்யட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு?

---

ஊதாக்கறை | 29 ஏப்ரல், காலை 11.31

10.8. வயிற்றுவலி போய்விட்டது என்கிறார். ஜிங்க் புரோட்டோபோர்ஃபிரின் இன்னும் இறங்கவில்லை.

---

எண்ணெய்வில்லை | 29 ஏப்ரல், காலை 11.45

அது மெதுவாகத்தான் இறங்கும். ஈயம் அதிகமாக இருந்தபோது செய்யப்பட்ட செல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்.

---

அரைப்படி | 2 மே, இரவு 7.50

கேட்டேன், எடுத்தார்கள். எனக்கு 22. உருக்கு உலைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அது மூடினதே இல்லை. உலை ஆட்களுக்கு எவ்வளவு வந்தது என்று எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

---

ரத்தினம்_எம்எல்டி | 3 மே, காலை 9.15

எங்கள் லேபில் ஒரு ஈய கேஸ் வந்தது. விரல் துளியிலிருந்து ஒன்று, ஈ.டி.டி.ஏ.விலிருந்து உடனே ஒன்று, மறுநாள் ஒன்று. முதல் இரண்டில் புள்ளிகள் ஒரே மாதிரி. மறுநாள் குறைந்திருக்கிறது, ஆனால் காணாமல் போகவில்லை. ஆகவே நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

---

எண்ணெய்வில்லை | 3 மே, காலை 9.40

இரண்டாவது நாள் ஸ்மியரை வேறு யாராவது, எது எது என்று தெரியாமல் எண்ணினார்களா?

---

ரத்தினம்_எம்எல்டி | 3 மே, காலை 9.52

நான்தான் எண்ணினேன்.